வராத பாக்கியைப் போக்கெழுதி வரிக்கழிவு பெறுவது எப்படி?

திருப்பூர்ப் பக்கம் அட்டைப்பெட்டி தயாரித்துப் பனியன் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன். 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை ஒரே பார்ட்டிக்கு மூன்று பில் போட்டேன். சரக்கின் விலை 4,00,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 72,000, மொத்தம் 4,72,000. முதல் பில்லுக்கு 1,18,000 வந்தது. அதோடு சரி. மீதி 3,54,000 ரூபாய் வரவே இல்லை, அந்த யூனிட்டையும் மூடிவிட்டார்கள்.

இந்தப் பணத்துக்கு நான் ஏற்கெனவே வருமான வரி கட்டிவிட்டேன். சரக்கு அனுப்பிப் பில் போட்டதும் அது விற்பனையாகக் கணக்கில் ஏறி, லாபத்தில் சேர்ந்து, வரியும் போய்விட்டது. ஜி.எஸ்.டி.யையும் என் கையிலிருந்தே கட்டினேன். வராத பணத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று தெரிந்தும் முதல் தடவை தப்பாகச் செய்தேன். நோட்டீஸ் வந்தது, வட்டியோடு வரி கட்டினேன். அடுத்த ஆண்டு சரியாகச் செய்தபோதுதான் எது எங்கே இடிக்கிறது என்று புரிந்தது. உங்களுக்கு அந்த ஒரு வருட அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆடிட்டர்கள் 'ரைட் ஆஃப்' என்பதைக் கணக்கியல் பாடநூல் 'போக்கெழுதுதல்' என்கிறது. இதைத் 'தள்ளுபடி' என்று நினைக்காதீர்கள். தள்ளுபடி என்றால் பார்ட்டியைப் பார்த்து 'நீ தர வேண்டாம்' என்று சொல்வது. போக்கெழுதுவது உங்கள் கணக்குப் புத்தகத்துக்குள் மட்டும் நடப்பது. அதற்குப் பிறகும் அவர் உங்களுக்குக் கடன்பட்டவர்தான், நீங்கள் வழக்கும் போடலாம். அதனால் பார்ட்டிக்குத் தள்ளுபடிக் கடிதம் எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

1. உங்களுக்கு இந்தக் கழிவு பொருந்துமா என்று பாருங்கள்

நீங்கள் 44ஏடி பிரிவில் உத்தேச வருமானம் காட்டுபவரா? விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டுகிறவர்கள் இவர்கள். அப்படியென்றால் வாராக்கடனுக்குத் தனியாகக் கழிவு கேட்க முடியாது. எல்லாச் செலவும் அந்தச் சதவீதத்துக்குள்ளேயே கழிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்ட சிலர், 'இந்த ஒரு வருடம் மட்டும் 44ஏடியை விட்டு வெளியே வந்து கழிவைக் கேட்டுக்கொள்கிறேன்' என்று கிளம்புகிறார்கள். அவசரப்படாதீர்கள். சதவீதத்துக்குக் குறைவான லாபம் காட்டி வெளியே வந்தால் அடுத்த 5 ஆண்டுகளுக்கு உள்ளே வர முடியாது. உங்கள் மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் செய்தாக வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் பாக்கிக்காக ஐந்தாறு வருடம் தணிக்கைக் கட்டணம் கொடுப்பது கட்டுப்படியாகாது. ஆடிட்டரிடம் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் வந்தால்தான் வருமானம் என்ற ரொக்க முறையில் கணக்கு எழுதுபவர்களுக்கும் இது பொருந்தாது. வராத பணம் அவர்கள் வருமானத்தில் ஏறவே இல்லை, கழிக்க எதுவும் கிடையாது.

முறையாகப் புத்தகம் எழுதி, பில் போட்ட தேதியில் விற்பனையைக் கணக்கில் ஏற்றுபவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. பழைய வரி முறையில் இருக்கிறீர்களா புதியதில் இருக்கிறீர்களா என்பது இங்கே தடையில்லை. தொழிலுக்கான இந்தக் கழிவு இரண்டிலும் உண்டு.

2. அந்தப் பாக்கி முன்பே வருமானத்தில் சேர்ந்ததற்கு ஆதாரம் எடுங்கள்

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் கழிவைக் கொடுப்பது 36(1)(vii) பிரிவு. அதற்கு நிபந்தனை போடுவது 36(2). அந்தக் கடன் இந்த ஆண்டிலோ முந்தைய ஆண்டு ஒன்றிலோ உங்கள் வருமானத்தைக் கணக்கிடும்போது சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. வங்கித் தொழிலோ வட்டித் தொழிலோ செய்பவர்கள் கொடுத்த கடனுக்கு மட்டும் இதில் விலக்கு.

இந்த ஒரு நிபந்தனையிலேயே பல பாக்கிகள் அடிபட்டுவிடும். நல்ல பார்ட்டியாயிற்றே என்று கைமாற்றாகக் கொடுத்த 50,000 ரூபாய் உங்கள் விற்பனையில் ஏறவில்லை, அதனால் அது வாராக்கடன் ஆகாது. காகித மில்லுக்கு முன்பணம் கொடுத்து, சரக்கும் வரவில்லை பணமும் வரவில்லை என்றால் அதுவும் இந்தப் பிரிவில் வராது. தொழிலுக்கான மூலப்பொருளுக்குக் கொடுத்தது என்பதால் அதை வணிக நட்டமாக 28-ஆம் பிரிவில் கேட்கலாம். தலைப்பை மாற்றிப் போட்டுக் கேட்டு, மறுக்கப்பட்டு நிற்பவர்கள் நிறையப் பேர்.

விற்பனைப் பாக்கிக்கு ஆதாரம் எது? பில், அந்த ஆண்டின் விற்பனைப் பேரேடு, இலாப நட்டக் கணக்கு, அந்த மாதத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-1. எனக்கு இங்கேதான் முதல் சிக்கல். நடுவில் கம்ப்யூட்டர் பழுதானதில் 2022-23 டாலித் தரவு போய்விட்டது. புதிய கம்ப்யூட்டரில் அந்தப் பார்ட்டியின் பெயருக்கு எதிரே '3,54,000' என்று ஆரம்ப இருப்பு மட்டும் நிற்கிறது. எந்தப் பில், என்ன தேதி, ஒன்றும் இல்லை. ஆரம்ப இருப்பை மட்டும் காட்டினால் அது விற்பனையா கைமாற்றா என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் அந்த மாதங்களின் ஜி.எஸ்.டி.ஆர்-1 விவரத்தை இறக்கினேன். பார்ட்டியின் எண், பில் எண், தேதி, தொகை எல்லாம் வரிக்கு வரி அதில் இருந்தன. உங்களிடம் பழைய பாக்கி இருந்தால் அந்த ஆண்டு ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐ இப்போதே இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள்.

3. கோப்பு போடுங்கள்

கடன் உண்மையிலேயே வராது என்று நிரூபிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2010-இல் டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. 1989 ஏப்ரல் 1-க்குப் பிறகு, வசூலாகாத கடன் என்று கணக்குப் புத்தகத்தில் போக்கெழுதியிருந்தாலே போதும், வராது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. இதை ஏற்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2016 மே 30 அன்று 12/2016 எண்ணுள்ள சுற்றறிக்கை விட்டது. நோட்டீஸ் வந்தால் உங்கள் பதிலில் இந்த இரண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அப்படியென்றால் கோப்பு எதற்கு? போக்கெழுதியது நேர்மையான முடிவா, லாபத்தைக் குறைக்கப் போட்ட பதிவா என்று அதிகாரி கேட்கலாம். சொந்தக்காரர் கம்பெனியின் பாக்கியைப் போக்கெழுதினாலும், போக்கெழுதிய பிறகு அதே பார்ட்டிக்கு மறுபடி சரக்கு அனுப்பினாலும் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். என் கோப்பில் இருந்தவை இவை: மூன்று பில்கள், சரக்கு வாங்கிக்கொண்டதாக அவர்கள் சீல் வைத்த டெலிவரி சலான், இ-வே பில், பேரேட்டு நகல், பணம் கேட்டு அனுப்பிய மூன்று மின்னஞ்சல்கள், ஒரு வக்கீல் நோட்டீஸ். நோட்டீசுக்கு எனக்கு 1,500 ரூபாய் ஆனது. 'கதவு பூட்டப்பட்டுள்ளது' என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்பிய அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

செலவே இல்லாத இன்னொரு ஆதாரமும் உண்டு. ஜி.எஸ்.டி. போர்ட்டலில் `Search Taxpayer` என்ற இடத்தில் பார்ட்டியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். என் பார்ட்டிக்குப் பதிவு ரத்து என்று தேதியோடு காட்டியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். நான் சேர்த்ததில் அதிகாரி மறுகேள்வி கேட்காத தாள் இதுதான்.

வசூல் வழக்குக்கான கெடுவை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். கடன் தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து கணக்கு. வரிக்கழிவுக்கு அந்த 3 ஆண்டும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே போக்கெழுதலாம்.

4. மார்ச் 31 கணக்கில் பதிவைப் போடுங்கள்: 'ஒதுக்கு' வைக்காதீர்கள்

நான் தப்புச் செய்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2023-24 கணக்கு முடிக்கும்போது, 'எப்படியும் கொஞ்சம் வரும்' என்ற நம்பிக்கையில் பார்ட்டியின் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று 3,00,000 ரூபாயைச் செலவில் காட்டினேன். இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் பார்ட்டி 3,54,000 தர வேண்டும் என்று நிற்கிறது, மறுபக்கம் ஒதுக்கு 3,00,000 நிற்கிறது. ரிட்டனில் அதை வாராக்கடனாகக் கழித்தேன். பாடநூலில் படித்த கணக்கியல்படி ஒதுக்கு வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் வருமான வரிக்கு அது செல்லாது. 36(1)(vii) பிரிவின் விளக்கத்திலேயே, வாராக்கடனுக்கான ஒதுக்கு போக்கெழுதியதில் அடங்காது என்று எழுதியிருக்கிறது. வங்கிகளுக்குத் தனி விதி உண்டு, நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை.

வேண்டியது இவ்வளவுதான். கடனாளிகள் பட்டியலில் அந்தத் தொகை குறைய வேண்டும். டாலியில் F7 அழுத்தி ஜர்னல் வவுச்சரில் இப்படிப் போடுங்கள்:

```
31-03-2025   Journal
Dr  Bad Debts                     3,00,000
Dr  Irrecoverable GST on Sales      54,000
    Cr  (party ledger)            3,54,000
```

இரண்டாவது வரி எதற்கு என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். விவரக் குறிப்பில் பில் எண்கள், தேதி, வசூலாகாததால் போக்கெழுதப்படுகிறது என்ற காரணம் மூன்றையும் எழுதுங்கள். கம்பெனியாக இருந்தால் இயக்குநர் குழுத் தீர்மானம் ஒன்றையும் போட்டு வையுங்கள்.

தேதிதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. எந்த நிதியாண்டின் புத்தகத்தில் போக்கெழுதுகிறீர்களோ அந்த ஆண்டில்தான் கழிவு. பார்ட்டி 2023-இல் ஓடிப்போனார் என்பதற்காக 2025-இல் போட்ட பதிவை வைத்து 2023-24-க்குக் கழிவு கேட்க முடியாது. அதே சமயம் மார்ச் 31 இரவுக்குள் உட்கார்ந்து பதிவு போட வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். அந்த ஆண்டுக் கணக்கை முடித்துக் கையெழுத்திடும் முன், மார்ச் 31 தேதியிட்டு முடிவுப் பதிவாகச் சேர்க்கலாம். எனக்கு ஒதுக்குப் பற்றிய நோட்டீஸ் 2025 ஜூனில் வந்தது. 2024-25 கணக்கு அப்போது இன்னும் முடியவில்லை, அதனால்தான் தப்பித்தேன். ஏப்ரல், மே மாதங்களில் கணக்கு முடிக்கும்போது பாக்கிப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்ப்பதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன்.

என்னைப் போல ஏற்கெனவே ஒதுக்கு வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒதுக்கை எதிர்ப்பதிவு போட்டு எடுத்துவிட்டுத்தான் மேலே உள்ள பதிவைப் போட்டோம். எடுக்கும்போது அந்த 3,00,000 வரவாக வந்து லாபத்தைக் கூட்டும். அதற்குப் போன ஆண்டே கழிவு கிடைக்கவில்லை, அதனால் வருமானக் கணக்கீட்டில் அதைக் கழித்துக் காட்ட வேண்டும். மறந்தால் ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள்.

5. ஜி.எஸ்.டி. பகுதியைத் தனி வரியில் எழுதுங்கள்

பார்ட்டி தரவில்லை என்றாலும் நாம் கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பி வராது. வாராக்கடனுக்காக அரசு அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு இந்திய ஜி.எஸ்.டி. சட்டத்தில் இல்லை. சிலர் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். செய்யாதீர்கள். கிரெடிட் நோட் என்பது சரக்கு திரும்பி வந்தால், விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால், சரக்கில் குறை இருந்தால் போடுவது. பணம் வராதது அதில் ஒரு காரணமே இல்லை.

சரி, அந்த 54,000-ஐ வருமான வரியிலாவது கழிக்கலாமா? இங்கே இரண்டு பக்க வாதம் உண்டு. விற்பனையை ஜி.எஸ்.டி. இல்லாமல் எழுதுகிறோம், எனவே அந்த வரி வருமானத்தில் சேரவே இல்லை, 36(2) நிபந்தனை நிறைவேறவில்லை என்பது ஒரு பக்கம். 145ஏ பிரிவின்படி விற்பனையை வரியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதாலும், தொழிலில் நம் கையிலிருந்து போன பணம் என்பதாலும் கழிவு உண்டு என்பது மறுபக்கம். என் ஆடிட்டர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. விலைப் பகுதி 3,00,000-ஐ வாராக்கடனாகவும், 54,000-ஐ வணிக நட்டமாகவும் தனித்தனியே காட்டுவது. இரண்டாவதை மறுத்தாலும் முதலாவது தொடப்படாமல் நிற்கும். மொத்தமாக 3,54,000 என்று ஒரே வரியில் எழுதினால், கேள்வி வரும்போது முழுத் தொகையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

6. ரிட்டனில் சரியான கட்டத்தில் நிரப்புங்கள்

தனி உரிமையாளராக இருந்தால் படிவம் ஐ.டி.ஆர்-3. இலாப நட்டக் கணக்குப் பகுதியில் `Bad debts` என்று ஒரு வரி, `Provision for bad and doubtful debts` என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் வேறு வேறு. முதலாவதில் நிரப்புங்கள்.

ஒரு பார்ட்டியின் வாராக்கடன் 1 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அவருடைய பான் எண்ணைப் படிவம் கேட்கும். ஓடிப்போனவரிடம் பான் எண்ணை எங்கே போய்க் கேட்பது என்று நானும் திகைத்தேன். பழைய பில்லில் உள்ள அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். `33ABCDE1234F1Z5` என்று இருந்தால் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, 33 என்பது தமிழ்நாடு. அடுத்து வரும் பத்து எழுத்துகள், `ABCDE1234F`, அதுதான் பான். ஜி.எஸ்.டி. எண் இல்லாத பார்ட்டியாக இருந்தால் பெயரையும் முழு முகவரியையும் கொடுக்க வேறு கட்டம் உண்டு.

இதனால் கையில் என்ன நிற்கும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 30 சதவீதப் படியில், 4 சதவீத மேல்வரியோடு, 3,00,000 ரூபாய்க் கழிவால் குறையும் வரி 93,600 ரூபாய். மீதி நட்டம் நட்டம்தான். அதனால் வசூலாகும் வாய்ப்பு இருக்கும் பாக்கியை வரிக்காக அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள்.

ரிட்டன் போட்ட நிதியாண்டு முடிந்து 3 மாதம் வரை ஆய்வு நோட்டீஸ் வரலாம். 2025 ஜூலையில் போட்ட ரிட்டனுக்கு 2026 ஜூன் 30 வரை. அதுவரை கோப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வந்தால் பதிலோடு பில், ஜி.எஸ்.டி.ஆர்-1 பக்கம், பேரேடு, ஜர்னல் வவுச்சர் நான்கையும் சேர்த்தே பதிவேற்றுங்கள். ஒன்றொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 வரையான கணக்குகளுக்கு நான் மேலே சொன்ன பழைய எண்களையே எழுதுங்கள்.

7. பின்னால் பணம் வந்தால்

போக்கெழுதிய பிறகு பார்ட்டி மனம் மாறி 80,000 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 41(4) பிரிவின்படி அது வந்த ஆண்டின் வருமானம். ஆனால் முழுத் தொகையுமா என்று பார்க்க வேண்டும். கடன் 3,54,000 முழுவதற்கும் கழிவு கிடைத்திருந்தால் 80,000-மும் வருமானம். 3,00,000-க்கு மட்டும் கிடைத்து, 54,000 மறுக்கப்பட்டிருந்தால், அந்த 54,000-ஐத் தாண்டி வரும் 26,000 மட்டுமே வருமானம். நான்காம் படியில் இரண்டு வரியாக எழுதியது இங்கேயும் கைகொடுக்கும். எது அனுமதிக்கப்பட்டது என்று ஆணையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பணம் வருவதற்குள் நீங்கள் தொழிலையே மூடியிருந்தாலும் இந்த வரி உண்டு. ஆனால் கழிவு கேட்பதற்கு மட்டும் அந்தத் தொழில் அந்த ஆண்டில் நடந்துகொண்டிருக்க வேண்டும். யூனிட்டை மூடும் யோசனையில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மூடும் ஆண்டின் கணக்கை முடிப்பதற்கு முன், வராது என்று தெரிந்த பாக்கி அத்தனையையும் அந்தப் புத்தகத்திலேயே போக்கெழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், கழிக்கத் தொழில் இருக்காது.